யாருக்கு எத்தனை ஸ்டார்?

இரண்டாம் வகுப்புச் சுவரில் பெயர்ப் பட்டியல். ஒழுங்காக இருந்தால் ஒரு ஸ்டார். இரண்டே வாரத்தில் ஒரு பெயருக்கு எதிரே 14, இன்னொன்றுக்கு 3. மூன்று வாங்கிய பிள்ளை அதற்குமேல் முயல்வதில்லை. எட்டிப் பிடிக்க முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வாங்கியவரோ, "மிஸ், அவன் பேசுறான்" என்று அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கத் தொடங்குகிறார். சார்ட் பந்தயமாகிவிட்டதற்கு இந்தப் புகார்களே அடையாளம்.

1969இல் அமெரிக்காவில் நான்காம் வகுப்பு ஒன்றில் செய்த சோதனை இதற்கு வழிகாட்டுகிறது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியின்றிப் பேசினாலோ இடத்தைவிட்டு எழுந்தாலோ அணிக்கு ஒரு குறி. ஐந்து குறிகளைத் தாண்டாவிட்டால் இரண்டு அணிகளுமே ஜெயிக்கலாம். அதாவது, இரண்டு அணிகளும் எல்லைக்கோட்டைத் தாண்டாதவரை எதிரணியைத் தோற்கடிக்க வேண்டியதில்லை.

நம் சார்ட்டிலும் இதைச் செய்யலாம். பெயர்களை எடுத்துவிடுங்கள். "நல்ல பிள்ளையாக இரு" என்பதை விட்டு, "கை தூக்கிவிட்டுப் பேசு" என ஒரே நடத்தையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் பேசும்போதெல்லாம் ஒரு ஜாடியில் ஒரு புளியங்கொட்டை. ஐம்பது சேர்ந்தால் வகுப்பு முழுவதற்கும் கதை நேரம். போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால், "உன்னாலதான் போச்சு" என்று ஒரு பிள்ளைமேல் பழி விழும்.

ஆனாலும் ஓரிரு பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தேவைப்படும். அவர்களுடைய அட்டை டீச்சரின் மேஜை டிராயருக்குள் இருக்கட்டும்.