எந்த மாதத்துப் பணம் இது?

வலைப்பதிவு எழுதுகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. மாதம் முடிந்ததும், போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு பணம் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தாங்களே கணக்கை வெளியிடுவார்கள். அமெரிக்காவில் பேட் ஃபிளின் 2008-ல் தன் ‘ஸ்மார்ட் பேசிவ் இன்கம்’ தளத்தில் இதைத் தொடங்கிப் பல ஆண்டுகள் மாதந்தோறும் எழுதினார். ‘பிஞ்ச் ஆஃப் யம்’ என்ற சமையல் தளத்தை நடத்தும் ஆஸ்ட்ரோம் தம்பதி 2011 ஆகஸ்டில் சுமார் 22 டாலர் வருமானத்தோடு முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். அந்தச் சின்னத் தொகையை மறைக்காமல் எழுதியதால்தான் பின்னாளில் அவர்கள் சொன்ன பெரிய தொகைகளுக்கும் பொருள் இருந்தது. கூகுள் ஆட்சென்ஸ் 2018-ல் தமிழ்த் தளங்களையும் ஏற்கத் தொடங்கிய பிறகு, தமிழில் எழுதுகிறவர்களும் இப்படிக் கணக்குச் சொல்ல வழி பிறந்தது.

இந்த அறிக்கைகளைப் படித்துத்தான் புதியவர்கள் வேலையை விடலாமா, கேமரா வாங்கலாமா என்று முடிவெடுக்கிறார்கள். ஆனால் பல அறிக்கைகள் பொய் சொல்லாமலேயே ஆளைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன. எழுதுகிறவர் எந்த மாதத்துப் பணத்தைச் சொல்கிறார் என்பதில் அவருக்கே தெளிவில்லாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஒரு தளம் இருக்கிறது, அவர் அக்டோபர் மாத அறிக்கை எழுத உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. முறை மட்டும் நடைமுறையில் உள்ளது.

அக்டோபர் 31 இரவு ஆட்சென்ஸ் திரையில் 61 டாலர் என்று காட்டுகிறது. அதைப் படம் பிடித்து அப்படியே போடத்தான் கை போகும். அது மதிப்பீடு மட்டுமே. செல்லாத கிளிக்குகள், தானியங்கி நிரல்கள் உண்டாக்கிய பார்வைகள் ஆகியவற்றைக் கழித்து, அடுத்த மாதம் 3-ஆம் தேதி வாக்கில்தான் கூகுள் தொகையை இறுதி செய்யும். நம் தோட்டக்காரருக்கு அது 58 டாலராக நிற்கிறது. அந்தப் பணமும் உடனே கைக்கு வராது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பட்டுவாடா. செப்டம்பரில் இருந்த 47 டாலரும் இந்த 58-ம் சேர்ந்து 105 ஆவதால், நவம்பர் 21-லிருந்து 26-க்குள் அனுப்பப்படும். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 8,925 ரூபாய், அதில் வங்கி பிடித்துக்கொள்வது போக மீதி.

வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதினால் செப்டம்பரும் அக்டோபரும் பூஜ்யம், நவம்பரில் திடீரென்று ஒன்பதாயிரம். திரையைப் பார்த்து எழுதினால் அக்டோபருக்கு 61 டாலர். இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் இரண்டையும் வைத்து வாசகர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அவருக்குத் தேவையானது அக்டோபரில் எழுதியதும் படிக்கப்பட்டதும் எவ்வளவு ஈட்டின என்ற செய்தி. ஆகவே ஈட்டிய மாதத்தை வைத்து, இறுதி செய்த தொகையை, அதாவது 58 டாலரை, 4,930 ரூபாய் என்று எழுத வேண்டும். பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத் தனி வரியில் சொல்லலாம். இதனால்தான் அறிக்கையை 1-ஆம் தேதி அவசரமாகப் போடாமல், ஒரு வாரம் பொறுத்துப் போடுவது நல்லது என்கிறேன்.

அஃபிலியேட் கமிஷனில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். தளத்தில் கொடுத்த இணைப்பு வழியாக அமேசானில் செடிப்பைகளும் மண்வெட்டிகளும் விற்று, அக்டோபருக்கு 1,900 ரூபாய் கமிஷன் காட்டுகிறது. வாங்கியவர்களில் சிலர் பொருளைத் திருப்பி அனுப்புவார்கள், கமிஷனும் அதோடு போகும். பணம் கைக்கு வர மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்கள் ஆகும். அக்டோபர் அறிக்கையில் 1,900 என்று எழுதலாம், பக்கத்திலேயே ‘தற்காலிகம்’ என்று குறிக்க வேண்டும். பிறகு அது 1,550 ஆகக் குறைந்தால், அடுத்த அறிக்கையின் தலையிலேயே ‘அக்டோபர் திருத்தம்: 1,900 அல்ல, 1,550’ என்று ஒரு வரி. பழைய பதிவில் சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவது கூடாது. ஓர் அறிக்கையை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்தத் திருத்த வரியைத்தான். ஸ்கிரீன்ஷாட்டை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. உலாவியிலேயே எந்த எண்ணையும் மாற்றி எழுதிப் படம் பிடித்துவிடலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. ஆட்சென்ஸ் ஒப்பந்தம், கூகுள் தந்த மொத்தத் தொகையை உள்ளபடி வெளியே சொல்ல அனுமதிக்கிறது. எத்தனை சதவீதம் பேர் விளம்பரத்தைக் கிளிக் செய்தார்கள் என்பது போன்ற விவரங்களை ரகசியம் என்கிறது. திரையை முழுதாகப் படம் எடுத்தால் அந்த விவரங்களும் சேர்ந்து வந்துவிடும். மொத்தத் தொகையைக் கையால் எழுதினாலே போதும். மற்ற விளம்பர நிறுவனங்களின் விதிகள் வேறு மாதிரி இருக்கலாம், அவரவர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது வரவு, ஒரு விதை விற்பனையாளர் ஸ்பான்சர் பதிவுக்குக் கொடுத்த 6,000 ரூபாய். மூன்றும் சேர்த்து 12,830. தலைப்பில் போட ஆசை வரும் எண் இதுதான். ஆனால் செலவைக் கழிக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஆண்டுக்கு 4,800 ரூபாயை அவர் அக்டோபரில்தான் கட்டினார். முழுவதையும் இந்த மாதத்தில் கழித்தால் அக்டோபர் மோசமாகவும் மற்ற பதினொரு மாதங்கள் பொய்யாக நன்றாகவும் தெரியும். மாதத்துக்கு 400 என்று பிரித்துப் போடுவதே சரி. டொமைனுக்கு 75, மின்னஞ்சல் சேவைக்கு 1,000, படம் எடுத்துக் கொடுத்தவருக்கு 2,500. மொத்தம் 3,975. கையில் மிஞ்சுவது 8,855 ரூபாய்.

இங்கேயும் நிறுத்தக் கூடாது. ஸ்பான்சர் பணம் அடுத்த மாதம் வருமா என்பது யாருக்கும் தெரியாது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 2,855. அந்த மாதம் அவர் 50 மணி நேரம் உழைத்தார் என்றால் மணிக்கு 57 ரூபாய். ஸ்பான்சரோடு சேர்த்தால் 177. இந்த இரண்டு எண்களும் அருகருகே இருந்தால், படிக்கிறவர் தன் சூழலோடு ஒப்பிட்டு முடிவெடுக்க முடியும். உழைத்த நேரத்தைச் சொல்லாத வருமான அறிக்கை பாதிதான் எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

அடுத்து, வருகைக் கணக்கு. கூகுள் அனலிட்டிக்ஸில் யூசர், செஷன், வியூ என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒரே ஆள் காலையில் கைப்பேசியிலும் மதியம் அலுவலகக் கணினியிலும் படித்தால் பொதுவாக இரண்டு யூசராக எண்ணப்படுவார். ஒரு முறை வந்து மூன்று பக்கம் படித்தால் ஒரு செஷன், மூன்று வியூ. எதைச் சொன்னாலும் சரிதான், ஆனால் முதல் மாதம் எதைச் சொன்னோமோ கடைசி வரை அதையே சொல்ல வேண்டும். ஒரு மாதம் யூசர், அடுத்த மாதம் வியூ என்று மாற்றினால் வளர்ச்சி தானாகவே முளைத்துவிடும். கூகுள் 2023 ஜூலையில் பழைய அனலிட்டிக்ஸை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாற்றியபோது எண்ணும் முறைகளும் சில மாறின. அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

நம் தோட்டத் தளத்துக்குச் செப்டம்பரில் 65,000 வியூ, அக்டோபரில் 90,000. ‘ஒரே மாதத்தில் 25,000 கூடியது’ என்று எழுதலாம். ஆனால் சர்ச் கன்சோலைத் திறந்து டிஸ்கவர் அறிக்கையைத் தனியாகப் பார்த்தால் கதை தெரிகிறது. மழைக்காலத்தில் செடிகளைக் காப்பது பற்றிய ஒரே கட்டுரையைக் கூகுள் டிஸ்கவர் நான்கு நாட்கள் கைப்பேசிகளில் காட்டியிருக்கிறது. அதன் வழியாக மட்டும் 22,000 வியூ வந்திருக்கிறது. அதை நீக்கினால் 68,000, அதாவது உண்மையான ஏற்றம் மூவாயிரம். டிஸ்கவரில் ஏறியது ஏன் என்று எழுதியவருக்கும் தெரியாது, அதை இன்னொருவர் பின்பற்றவும் முடியாது. மெல்ல வந்த அந்த மூவாயிரம் எந்தக் கட்டுரைகளுக்கு, எந்தத் தேடல்களிலிருந்து வந்தது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

வருகையும் வருமானமும் சந்திக்கும் இடத்தில் இன்னொன்றும் புலப்படும். செப்டம்பரில் ஆயிரம் வியூவுக்கு விளம்பர வருமானம் ஏறத்தாழ 61 ரூபாய். அக்டோபரில் 55. கூட்டம் கூடியபோது தலைக்கு வருமானம் குறைந்திருக்கிறது. டிஸ்கவரில் தட்டி வருகிறவர் பெரும்பாலும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ‘அக்ரிலிக் தொட்டியா, சிமெண்ட் தொட்டியா’ என்று தேடி வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார், விளம்பரதாரருக்கும் அவர்தான் வேண்டும். வியூவை மட்டும் துரத்துகிற பதிவர்களுக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு எந்த அறிவுரையையும்விடப் பயன்படும்.

ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் தாராளமாகச் செலவழித்துவிட்டு ஜனவரியில் கையை இறுக்குவார்கள். அதனால் எழுத்தில் எந்தக் குறையும் இல்லாமலே ஜனவரி வருமானம் சரியும். தோட்டம் பற்றிய தளம் என்றால் ஆடிப்பட்டத்தில் தேடல் ஏறி, சித்திரை வெயிலில் இறங்கும். போன மாதத்தோடு ஒப்பிடுவதைவிட, போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுவதே நியாயம்.

கடைசியாக, பலரும் சொல்லத் தயங்கும் ஒன்று. வருமான அறிக்கையே பணம் சம்பாதிக்கும். அதைப் படிக்க வருகிறவர் தானும் தளம் தொடங்க நினைக்கிறவர். பதிவின் அடியில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் அஃபிலியேட் இணைப்பு இருந்தால், அவர் அதன் வழியாக வாங்குவார். ஒரே விற்பனைக்கு ஹோஸ்டிங் நிறுவனங்கள் தரும் கமிஷன், ஆயிரக்கணக்கான வியூவின் விளம்பரப் பணத்துக்குச் சமமாக இருக்கும். பேட் ஃபிளினின் அறிக்கைகளில் புளூஹோஸ்ட் கமிஷன் பெரிய வரியாக இருந்தது, அவர் அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் காட்டினார். எல்லோரும் அப்படிக் காட்டுவதில்லை. நம் தோட்டக்காரர் அந்தக் கமிஷனையும் ‘தள வருமானம்’ என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டால், தோட்டம் பற்றி எழுதினால் இவ்வளவு வரும் என்று வாசகர் நம்பிவிடுவார். வந்ததோ வருமானத்தைப் பற்றி எழுதியதால். ஆகவே இரண்டு பெட்டிகள் வேண்டும்: தோட்டக் கட்டுரைகள் ஈட்டியது ஒன்று, இந்த அறிக்கைகள் ஈட்டியது ஒன்று. வியூ எண்ணிக்கையிலும் அறிக்கைப் பதிவுகளுக்கு வந்ததைப் பிரித்துக் காட்ட வேண்டும். இணைப்புக்குப் பக்கத்திலேயே, இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று எழுத வேண்டும். இரண்டாவது பெட்டி முதல் பெட்டியைத் தாண்டிப் பெரிதாகிற மாதத்தில், அதை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.