படிக்க முடியாத பெயருக்கு ஒரு கடிதம்

கையால் நிரப்பிய விண்ணப்பத்தில் பெயர் புரியாவிட்டால், கல்லூரி அலுவலக எழுத்தர் ஊகித்து எழுதக்கூடாது. சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் எழுத்துகளே பின்னர் மதிப்பெண் பட்டியலுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் போகும். அதனால் விண்ணப்பதாரருக்குக் கடிதம் எழுதிக் கேட்பதே முறை.

பெயர் தெரியாதவரை எப்படி விளிப்பது? உறையில் பெற்றோர் பெயரும் முகவரியும், உள்ளே ‘அன்புள்ள விண்ணப்பதாரருக்கு’ என்ற விளிப்பும், அதற்கடியில் விண்ணப்ப எண்ணும் போதும்.

எந்த எழுத்தில் ஐயம் என்பதைக் கடிதம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய சுமதி என்ற பெயரின் கடைசி எழுத்து ஐயா, ஒய்யா என்று தெரியவில்லை என வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டும் ஒன்றே. சான்றிதழில் இரண்டும் வேறு. தலைப்பெழுத்து ஐயா, ஜேயா என்பதும் இப்படிக் குழப்பும். ‘பெயர் தெளிவாக இல்லை’ என்று மட்டும் எழுதினால், அவர் அதே கூட்டெழுத்தில் மறுபடி எழுதி அனுப்பிவிடுவார்.

ஆகவே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெரிய எழுத்தில் நிரப்பக் கட்டங்கள் வரைந்த தாளையும் இணைப்பது நல்லது. சான்றிதழ் நகல், கையொப்பம், பதில் சேர வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். வந்த பதிலை விண்ணப்பத்துடனேயே கோத்து வைக்க வேண்டும்.