பார்வை எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது?

டிரெய்லர் வெளியான மறுநாளே ‘24 மணி நேரத்தில் இத்தனை கோடி பார்வைகள்’ என்று போஸ்டர் வந்துவிடுகிறது. படத்துக்குக் கூட்டம் வருமா என்று கணிப்பவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காசு கொடுத்து வந்தது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று முதலில் பிரிப்பார்கள். வேறொரு வீடியோவுக்கு முன்னால் விளம்பரமாக ஓடும் டிரெய்லரை ஒருவர் 30 நொடி பார்த்தாலே யூடியூப் அதையும் ஒரு பார்வையாகச் சேர்த்துவிடும். ஃபேஸ்புக்கில் முன்பு 3 நொடியே போதுமானதாக இருந்தது. ஒரே ரசிகர் பத்துமுறை ஓடவிட்டாலும் எண்ணிக்கை ஏறும்.

அதனால் சேனல் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் விவரங்கள்தான் பயன்படுகின்றன. தனித்தனி ஆட்கள் எத்தனை பேர், படத்தின் பெயரைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே இருக்கும். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடும் இருக்கும். முதல் சில நொடிகளில் கோடு இறங்குவது வழக்கம். நடுவில் ஓரிடத்தில் அது மேலே எழும்பினால், அந்தக் காட்சியைப் பலர் பின்னோக்கித் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த விளம்பரத்தை அந்தக் காட்சியில் தொடங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் இல்லை.

ஆர்வமும் எரிச்சலும் ஒரே எண்ணிக்கையில்தான் சேர்கின்றன. பாராமவுண்ட் நிறுவனத்தின் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ டிரெய்லர் 2019 ஏப்ரல் 30 அன்று வந்தது. பார்வைகள் குவிந்தன, விருப்பங்களைவிட வெறுப்புகள் அதிகம். ஆனால் கருத்துகளைப் படித்தால் கோபம் ஒரே இடத்தில் நின்றது: மனிதப் பற்கள், சிறிய கண்கள் என அந்த நீல நிறப் பாத்திரத்தின் தோற்றம். ‘இந்தப் படமே வேண்டாம்’ என்பதும் ‘இந்த முகம் வேண்டாம்’ என்பதும் வேறு வேறு. இரண்டாவது, பாத்திரத்தை நேசிப்பவர்களின் குரல். இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் இரண்டே நாளில் தோற்றத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரி 14க்குத் தள்ளிப்போனது. நவம்பரில் வெளியான புதிய டிரெய்லருக்கு வரவேற்பு தலைகீழாக மாறியது. வட அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 5.8 கோடி டாலர் வசூல்.

இந்தத் தரவுக்கு எல்லையும் உண்டு. படம் ஓடாத நாட்டிலிருந்து வரும் பார்வை டிக்கெட்டாக மாறாது. குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் டிரெய்லருக்குக் கருத்து எழுதுவதும் அரிது. என் பார்வையில், டிரெய்லரின் முதல் வாரம் சொல்வது தொடக்க நாள்களின் கூட்டத்தைத்தான். திங்கட்கிழமைக் காட்சி நிரம்புமா என்பதை, படம் பார்த்து வெளியே வந்தவர்களின் பேச்சு தீர்மானிக்கிறது.