ஒரே ரத்தம், இரண்டு விதமான மயிர்க்கால்கள்

வழுக்கை விழுந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். நெற்றியும் உச்சியும் வெறுமையாகிவிட்டாலும், காதுகளுக்கு மேலேயும் பின்தலையிலும் ஒரு வளையம்போல முடி அடர்த்தியாகவே இருக்கும். தண்ணீர் சரியில்லை, ஹெல்மெட் போட்டதால் கொட்டிவிட்டது, எண்ணெய் வைக்காததால் போய்விட்டது என்று நாம் சொல்லும் காரணங்கள் எதுவும் அந்த வளையத்துக்கு விளக்கம் தருவதில்லை. அதே தண்ணீர்தானே பின்தலையிலும் விழுகிறது?

நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1950களில் இதைச் சோதித்துப் பார்த்தார். பின்தலையிலிருந்து முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து, வழுக்கையான முன்பகுதியில் நட்டார். வழுக்கைப் பகுதியின் தோலைப் பின்னாலும் நட்டார். முன்னால் வந்த பின்தலை முடி உதிராமல் வளர்ந்தது. பின்னால் போன வழுக்கைத் தோல் வழுக்கையாகவே இருந்தது. 1959-இல் வெளியான இந்த முடிவுதான் இன்றைய முடி நடும் சிகிச்சைக்கெல்லாம் அடிப்படை. முடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் விஷயம் இல்லை. அது முளைக்கும் மயிர்க்காலின் இயல்பில்தான் இருக்கிறது என்று அது காட்டியது.

அப்படியானால் அந்த மயிர்க்கால் எதைக் கண்டு சுருங்குகிறது? அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-லேயே பாதி விடையைச் சொல்லியிருந்தார். பருவம் அடைவதற்கு முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஆக, பரம்பரைத் தன்மை மட்டும் இருந்தால் போதாது, ஹார்மோன் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

மீதிப் பாதி விடை டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே சில ஆண்களின் உடலில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை. ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லி தலைமையிலான குழு 1974-இல் அவர்களைப் பற்றி எழுதியது. டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டிஹெச்டி, என்ற வீரியம் கூடிய ஹார்மோனாக மாற்றுவது அந்த நொதிதான். இவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை. டிஹெச்டி மட்டும் மிகக் குறைவு. இவர்களுக்குத் தாடி சொற்பம், முன்தலை வழுக்கையோ விழவே இல்லை.

ரத்தத்தில் டிஹெச்டி அதிகமாக இருப்பவருக்குத்தான் வழுக்கை விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வழுக்கையுள்ள பெரும்பாலானவர்களின் ரத்த அளவுகள் மற்றவர்களுடையதைப் போல இயல்பாகவே இருக்கும். அதனால் வழக்கமான ஆண் வழுக்கைக்கு ஹார்மோன் பரிசோதனை செய்வதால் பெரும்பாலும் பயன் இல்லை. வித்தியாசம் மயிர்க்காலுக்குள் இருக்கிறது. அதன் அடியில் பாப்பிலா என்ற சின்னஞ்சிறு செல் திரள் உண்டு. முடி எவ்வளவு தடிமனாக, எவ்வளவு காலம் வளர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. டிஹெச்டி வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் அந்த செல்களில் உள்ளன. முன்தலை, உச்சி மயிர்க்கால்களில் அந்த ஏற்பிகளும், அங்கேயே டிஹெச்டி தயாரிக்கும் நொதியும் பின்தலையைவிட அதிகம். டிஹெச்டி பொருந்தியதும் பாப்பிலா, வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் வேதிச் செய்திகளை அனுப்புகிறது. வியப்பு என்னவென்றால், இதே டிஹெச்டி தாடையில் உள்ள மயிர்க்காலைத் தடிக்கச் செய்கிறது. ஒரே ஹார்மோன் மீசையை வளர்த்து, உச்சியை வெறுமையாக்குகிறது.

இனி அந்தச் சுருங்கல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். ஓர் இளைஞரின் உச்சியில் உள்ள ஒரே ஒரு மயிர்க்காலை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் அது 4 ஆண்டுகள் வளர்கிறது. வெட்டாமல் விட்டால் முடி 48 செ.மீ. நீளம் வரும். அடுத்த சுற்று 2 ஆண்டுகளில் முடிந்தால் 24 செ.மீ. அதற்கடுத்தது ஒரே ஆண்டு என்றால் 12 செ.மீ. அதற்கும் பிறகு நான்கே மாதம் என்றால் 4 செ.மீ.தான். எல்லோருக்கும் இப்படிச் சரியாகப் பாதி பாதியாகக் குறையாது. போகும் திசையைக் காட்டவே இந்தக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பாப்பிலாவும் சிறுத்துக்கொண்டே வருகிறது. 0.06 மி.மீ.க்கு மேல் தடித்திருந்த முடி, கடைசியில் 0.03 மி.மீ.க்கும் குறைந்த, நிறமற்ற பூனைமுடியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு குழப்பத்துக்கும் விடை இருக்கிறது. முன்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உதிர்ந்த அதே மயிர்க்கால், வளர்ச்சி ஓராண்டாகச் சுருங்கியதும் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை உதிர்க்கிறது. சீப்பில் முடி கூடுவது இதனால்தான். மயிர்க்கால் செத்துவிடவில்லை, அவசரப்படுகிறது. மாதாமாதம் முடி வெட்டிக்கொள்பவருக்கு நீளம் குறைவது வெகுநாள் தெரியாது. முடி மெலிந்து, விளக்கடியில் உச்சித் தோல் தெரியும்போதுதான் கவனிப்பார்.

தலையில் கைவைத்தே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். உச்சியில் ஒரு கொத்தையும் பின்தலையில் ஒரு கொத்தையும் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சியில் தடித்ததும் மெலிந்ததும் குட்டையும் நெட்டையும் கலந்திருக்க, பின்னால் எல்லாம் ஒரே சீராக இருந்தால், பரம்பரை முடி உதிர்வுக்கான வலுவான அடையாளம் அது. டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு. அப்போது விழும் முடி மெலிந்திருக்காது. பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். பெண்களுக்குப் பரம்பரை உதிர்வு வரும்போது முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் நிற்கும், வகிடு அகலமாகும். அவர்களிடம் டிஹெச்டியின் பங்கு ஆண்களிடம் போல இவ்வளவு தெளிவாக இல்லை.

தாய்மாமனைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு அது தாயிடமிருந்துதான் வரும். ஆனால் பிரிட்டனில் சுமார் 52,000 ஆண்களிடம் நடந்த 2017 ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 280-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகளைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ் குரோமோசோமில் இல்லை. அப்பாவின் தலையையும் பார்க்க வேண்டியதுதான்.

சலினாஸ் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஃபினாஸ்டரைடு மாத்திரை. அமெரிக்காவில் ஆண்களின் முடி உதிர்வுக்கு 1997-இல் அது அனுமதி பெற்றது. ரத்தத்தின் டிஹெச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. மயிர்க்காலின் உணர்திறனை மாற்றுவதில்லை. அதனால் நிறுத்தினால் சுருங்கல் மறுபடி தொடங்கிவிடும். சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவதும் மனச்சோர்வும் வரலாம். பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையில் அளவைப் பாதியாகக் காட்டும், எனவே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. மினாக்சிடில் டிஹெச்டியைத் தொடாமல் வளர்ச்சிக் காலத்தை நீட்டுகிறது. தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடலாம். பயந்து நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். எந்த மருந்தானாலும் புதிய முடி ஒரு சுற்று வளர்ந்துதான் தெரியும் என்பதால், ஆறு மாதத்துக்கு முன் முடிவு சொல்வது கடினம். இன்னும் மெலிந்து கொண்டிருக்கும் மயிர்க்காலை ஓரளவு மீட்கலாம். பல ஆண்டுகளாகப் பளபளப்பாகிவிட்ட தோலில் மருந்து அதிகம் செய்வதில்லை. அங்கே மிஞ்சுவது, பின்தலையிலிருந்து எடுத்து நடுவதுதான்.