மேற்கோள் குறிக்குள் புகுந்த சாட்பாட்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பத்திரிகையான ‘கோடி என்டர்பிரைஸ்’, பஃபலோ பில் முன்னின்று 1899-ல் தொடங்கியது. 2024 ஜூனில் அதில் ஒரு சாதாரணச் செய்தி வந்தது. சுதந்திர தினத்தையொட்டி நடக்கும் ஊர்வலத்துக்கு லாரி தி கேபிள் கை என்ற நகைச்சுவை நடிகர் தலைமை தாங்குகிறார் என்பதுதான் விஷயம். ஆனால் கடைசிப் பத்தி விசித்திரமாக இருந்தது. முக்கியமான தகவல்களை முதலில் தரும் இந்த அமைப்பால் வாசகர் செய்தியின் சாரத்தைச் சட்டென்று புரிந்துகொள்ள முடியும் என்று அது விளக்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டோடு சமையல் குறிப்பையும் சேர்த்து இலையில் பரிமாறிய மாதிரி.

ஆசிரியர் கவனிக்கவில்லை. பக்கத்து ஊரான பவலில் இருந்து வரும் போட்டிப் பத்திரிகை ‘பவல் ட்ரிப்யூன்’. அதன் நிருபர் சி.ஜே. பேக்கருக்கு, என்டர்பிரைஸில் புதிதாகச் சேர்ந்த நிருபரின் செய்திகளில் இருந்த மேற்கோள்கள் உறுத்தின. எல்லாரும் ஒரே குரலில், அறிக்கை வாசிப்பது போலப் பேசினார்கள். போனை எடுத்து, மேற்கோளில் பெயர் வந்தவர்களையே கூப்பிட்டார். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’, ‘அந்த நிருபரோடு நான் பேசியதே இல்லை’ என்ற தோரணையில் ஏழு பேர் பதில் சொன்னார்கள். சொல்லாத சொற்கள் மாநில ஆளுநரின் வாயிலும் வைக்கப்பட்டிருந்தன. நிருபர் ஆகஸ்டில் வேலையை விட்டார். இயந்திரம் கற்பித்த வார்த்தைகளை அச்சேற விட்டதற்கு ஆசிரியர் கிறிஸ் பேகன் தன் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டார். சாட்பாட் பற்றி அதுவரை அங்கே எழுத்தில் ஒரு விதியும் இல்லை.

இப்போது பல ஆசிரியர்கள் தங்கள் நிருபர்களுக்கு எழுதும் கடிதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ‘சாட்பாட்டைப் பயன்படுத்தினால் தெரிவியுங்கள்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிது. அதனால் பயன் குறைவு. எழுத்துப்பிழை பார்த்தவரும் தெரிவிப்பார், பேட்டியையே கற்பித்தவரும் அதே ஒரு வரியைத்தான் தெரிவிப்பார். எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கை 90 வார்த்தை. பக்கத்தில் இருக்கும் இடம் 300 வார்த்தை. அறிக்கையைச் சாட்பாட்டிடம் கொடுத்து 300 வார்த்தையில் செய்தியாக்கச் சொன்னால், மீதி 210 வார்த்தை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். செய்தி என்றால் மூன்றாவது, நான்காவது பத்தியில் ஓர் அதிகாரி ‘கூறினார்’ என்று வருவது வழக்கம். இலட்சக்கணக்கான செய்திகளில் படித்த அந்த வழக்கத்தை இயந்திரம் அப்படியே பின்பற்றி, காலியான இடத்தில் ஓர் அதிகாரியைப் பேச வைத்துவிடும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாது. அச்சில் மாவை ஊற்றுகிறது, அவ்வளவுதான். எனவே சுருக்கச் சொல்வதைவிட நீட்டச் சொல்வது பல மடங்கு ஆபத்து. சுருக்கும்போது பெரும்பாலும் ஏதாவது விடுபடும். நீட்டும்போது இல்லாதது முளைக்கும்.

‘நான் எழுத வைக்கவில்லை, பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்க மட்டும்தான் பயன்படுத்தினேன்’ என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பேசுபவர் நீண்ட நேரம் மௌனமாக இருந்தால், அந்த இடைவெளியில் சில மென்பொருள்கள் யாரும் பேசாத வாக்கியங்களைச் சேர்ப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் ஒலிப்பதிவில் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி கடிதத்தில் இடம்பெற வேண்டியது இதனால்தான். அசோசியேட்டட் பிரஸ் 2023 ஆகஸ்டில் தன் ஊழியர்களுக்கு வகுத்த நெறியில் இதற்கு வசதியான ஓர் அளவுகோல் உண்டு: இயந்திரம் தருவது எதுவானாலும் சரிபார்க்கப்படாத மூலத்தகவல். முன்பின் தெரியாத ஒருவர் போனில் சொன்ன துப்பை எப்படி நடத்துவோமோ, அப்படி.

அடுத்து, யாரிடம் தெரிவிப்பது? வாசகரிடம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முதலில் தெரிய வேண்டியது டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியருக்கு. செய்தியை அனுப்பும்போதே எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எந்தப் பத்தியில் என்று மேலே ஒரு குறிப்பு இருந்தால், அவர் கண் அந்தப் பத்தியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ ஆசிரியர் ரூலா கலஃப் 2023 மே மாதம் எழுதிய கடிதத்தில், தங்கள் இதழியலை மனிதர்களே எழுதுவார்கள் என்று உறுதி சொன்னதோடு, நிறுவனத்துக்குள் நடக்கும் எல்லாச் சோதனைகளையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைப்போம் என்றும் சொன்னார். அந்தப் பதிவேடு வாசகருக்கானதல்ல, அலுவலகத்துக்கானது.

விதி இருந்தும் வழுக்கியதற்கு உதாரணம், பாகிஸ்தானின் மதிப்புமிக்க ஆங்கில நாளிதழ் ‘டான்’. 2025 நவம்பர் 12 அன்று கார் விற்பனை பற்றிய செய்தி ஒன்றின் கடைசியில், வேண்டுமானால் முதல் பக்கத்துக்கு ஏற்றபடி இன்னும் விறுவிறுப்பாக எழுதித் தரட்டுமா என்ற சாட்பாட்டின் கேள்வியும் சேர்ந்தே அச்சாகிவிட்டது. செய்தி செயற்கை நுண்ணறிவால் எடிட் செய்யப்பட்டது, அது தங்கள் விதிக்குப் புறம்பானது, விசாரிக்கிறோம் என்று பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. எழுதுவதை மட்டும் தடுத்துவிட்டு எடிட் செய்வதைப் பற்றிப் பேசாத கடிதம் ஓட்டைக் குடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ‘வயர்ட்’ இதழ் 2023-லேயே இரண்டையும் சேர்த்துத் தடுத்தது. தலைப்புக்கு யோசனை கேட்பது போன்ற வேலைகளுக்கு இடம் கொடுத்தது.

வாசகருக்கான அறிவிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ‘சிநெட்’ இணையதளம் பாடம். பணம் சேமிப்பது பற்றிய 77 கட்டுரைகளை இயந்திரத்தின் உதவியோடு வெளியிட்டது. எழுதியவர் பெயராக இருந்தது ஒரு குழுவின் பெயர். அதன்மேல் கர்சரைக் கொண்டுபோனால்தான் உண்மை தெரியும். 2023 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டு, 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியதாயிற்று. ஒன்றில், 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் முதல் வருடத்தில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்றிருந்தது. சம்பாத்தியம் 300 டாலர்தான். 10,300 என்பது அசலும் சேர்ந்த தொகை. பள்ளிக்கூடப் பையனே பிடித்துவிடுவான். வாக்கியம் அவ்வளவு சரளமாக ஓடியதால்தான் எடிட்டரின் கண் தாண்டிப் போனது.

வெளிப்படையாகச் சொன்னால் வாசகர் மெச்சுவார்கள் என்றும் ஆசிரியர்கள் நம்பிவிடக் கூடாது. ஆய்வாளர்கள் பெஞ்சமின் டாஃப், ஃபீலிக்ஸ் சைமன் இருவரும் அமெரிக்க வாசகர்களிடம் சோதித்தபோது, இயந்திரம் எழுதியது என்ற முத்திரையே நம்பிக்கையைக் குறைத்தது, செய்தியின் தகவல்கள் துல்லியமில்லை என்று அவர்கள் கருதாதபோதும். அதே செய்தியோடு தகவல் மூலங்களின் பட்டியலையும் கொடுத்தபோது அந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்தது. ஆகவே செய்தியின் அடியில் ‘சாட்பாட் உதவியுடன் தயாரிக்கப்பட்டது’ என்று மொட்டையாகப் போடுவதைவிட, ‘340 பக்கத் தணிக்கை அறிக்கையில் தேடுவதற்கு மென்பொருள் பயன்பட்டது, எண்களை நிருபர் மூல அறிக்கையோடு ஒப்பிட்டார்’ என்று போடுவது மேல். நிருபர் நிஜமாகவே ஒப்பிட்டிருந்தால் மட்டும்.

கோடி நகரத்து நிருபரிடம் ஆசிரியர் வாரம் ஒரு செய்தியை எடுத்து, இந்த மேற்கோளைச் சொன்னவரிடம் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், குறிப்பேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால், ஆளுநர் அலுவலகம் வரை போயிருக்காது. பேக்கர் செய்ததும் ஏறக்குறைய அதைத்தான், வேறொரு பத்திரிகையின் மேஜையில் உட்கார்ந்துகொண்டு.