கேள்வி எண்ணைக் கட்டிப்போடும் வித்தை

வகுப்பில் 40 மாணவர்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பத்துக் கேள்விகள். யாருக்கு எந்தக் கேள்வி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய நினைக்கும் ஆசிரியர், எக்செல்லில் முதல் மாணவரின் பெயருக்கு எதிரே B2 கட்டத்தில் இப்படி அடிக்கிறார்:

```
=RANDBETWEEN(1,10)
```

அதை B41 வரை இழுத்துவிட்டால், எல்லோருக்கும் 1 முதல் 10-க்குள் ஒரு முழு எண் கிடைத்துவிடும். பிறகு C2-இல் மதிப்பெண்ணைப் பதிகிறார். அவ்வளவுதான், 40 கேள்வி எண்களும் புதிதாகக் குலுங்கிவிடுகின்றன!

இது பழுதல்ல. தாள் மறுகணக்கிடும் ஒவ்வொரு முறையும் இந்தச் சூத்திரம் புது எண்ணைப் போடும். எந்தக் கட்டத்தில் எதை அடித்தாலும், F9-ஐத் தட்டினாலும், கோப்பை மூடித் திறந்தாலும் அப்படித்தான்.

எனவே மதிப்பெண் பதியும் முன்பே எண்களை உறைய வைக்க வேண்டும். B2 முதல் B41 வரை தேர்ந்தெடுத்து, Ctrl+C அழுத்தி, அதே இடத்தில் வலது கிளிக் செய்து Paste Special-இல் Values-ஐத் தேர்ந்தெடுத்தால் சூத்திரம் போய் எண் மட்டும் தங்கும். உறைந்ததா என்று அறிய, B2-ஐக் கிளிக் செய்து மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்க்கலாம். அங்கே வெறும் 7 என்று இருந்தால் சரி. RANDBETWEEN தெரிந்தால் இன்னும் உறையவில்லை.

ஒரே எண் பலருக்கு வரும் என்பதால், பரிசுக் குலுக்கலுக்கு இந்த முறை அப்படியே உதவாது.