கடப்பாட்டுத் தொடர்களில் மறையும் வினைமுதல்: செயப்பாட்டுவினையும் மெய்ப்புத் திருத்துநர் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

விதிமுறைகள், சுற்றறிக்கைகள், அறிவிப்புகள் ஆகியவற்றில் ‘செய்யப்பட வேண்டும்’ என முடியும் தொடர்கள் மிகுதி. இவை கடமையைக் கூறுகின்றன. அக்கடமைக்கு உரியவரைக் கூறாது விடுகின்றன. இத்தகைய தொடர்களில் வினைமுதல் மறையும் முறையையும், மெய்ப்புத் திருத்துநர் எவற்றை மாற்றியமைக்க வேண்டும், எவற்றை இருந்தபடியே விடலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயப்பாட்டுவினை, வினைமுதல், கடப்பாடு, மெய்ப்புத் திருத்தம்

முன்னுரை

செயப்படுபொருளை வினைமுதல் போல நிறுத்திக் கூறும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஏற்கிறது. உரையாசிரியர்கள் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’ என்பதாகும். மெழுகியவர் யார் என்பது இத்தொடரில் இல்லை. ஆயினும் வேலை முடிந்துவிட்டமையால் அவர் பெயர் விடுபடுவதில் பெரும்பாலும் இழப்பில்லை. ‘திண்ணை மெழுகப்பட வேண்டும்’ என்னும்போது நிலை மாறுகிறது. வேலை இனிமேல்தான் நடைபெற வேண்டும். அதற்குரியவர் சுட்டப்படாவிடில், தொடரைப் படிக்கும் ஒவ்வொருவரும் அது பிறர் கடமை எனக் கருத இடமுண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இவ்வேறுபாட்டின் பயனைக் காட்டும். அதன் 7(1) ஆம் பிரிவு, விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் தகவலை வழங்கவோ மறுக்கவோ வேண்டிய கடமையைப் பொதுத் தகவல் அலுவலர்மீது சுமத்துகிறது. தக்க காரணமின்றி அவர் காலம் கடத்தினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், தண்டம் விதிக்க 20 ஆம் பிரிவு வழிசெய்கிறது. கடமைக்குரியவர் முன்னரே சுட்டப்பட்டிருப்பதால் தண்டத்திற்குரியவரும் தெளிவாகிறார். ‘30 நாள்களுக்குள் தகவல் வழங்கப்பட வேண்டும்’ என்று மட்டும் சட்டம் கூறியிருப்பின், தண்டத்திற்குரியவர் யார் என்பதே தனி வழக்காகியிருக்கும்.

செய்வினையாக்கம் மட்டும் போதாமை

செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கினால் குறை தீரும் என்பது பரவலான கருத்து. எழுவாயின்றித் தொடர் நிரம்பாத மொழிகளுக்கு இது பெரிதும் பொருந்தும். அங்கே செய்வினையாக்கும்போதே செய்பவர் பெயரை எழுத நேரிடும். தமிழில் எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். ‘அனுப்பினேன்’ போன்ற வினைமுற்றில் விகுதி வினைமுதலைக் காட்டிவிடுகிறது. ‘வேண்டும்’ என்பதோ இடம், எண், பால் காட்டுவதில்லை. ‘நான் அனுப்ப வேண்டும்’, ‘அவர்கள் அனுப்ப வேண்டும்’ என அது யாவர்க்கும் ஒரே வடிவில் நிற்கும். எனவே ‘விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட வேண்டும்’ என்பதை ‘விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும்’ என மாற்றினால் ‘படு’ என்னும் துணைவினை நீங்குகிறது. வினைமுதல் முன்போலவே மறைந்து நிற்கிறது. ஆகவே மெய்ப்புத் திருத்துநர் தேட வேண்டியது துணைவினையை அன்று, ‘யார்?’ என்னும் வினாவிற்கான விடையை.

ஒரு மாதிரிப் பத்தி

முனைவர்ப்பட்ட நெறிமுறை ஒன்றின் வடிவில் அமைத்த பின்வரும் பத்தியை நோக்கலாம்:

“தேர்வாளர் அறிக்கை பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் ஆய்வேடு திருத்தப்பட்டு மீள ஒப்படைக்கப்பட வேண்டும். திருத்தங்கள் சரிபார்க்கப்பட்ட பின்னர் வாய்மொழித் தேர்வுக்கான நாள் அறிவிக்கப்பட வேண்டும்.”

இதில் ஐந்து செயல்கள் உள்ளன. ஒன்றிற்கும் வினைமுதல் இல்லை. திருத்துவதும் ஒப்படைப்பதும் ஆய்வாளர் பணி என்பது சூழலால் விளங்கும். ஏனைய மூன்றும் விளங்கவில்லை. குறிப்பாகப் ‘பெறப்பட்ட’ என்னும் பெயரெச்சத்தில் உள்ள சிக்கல் எளிதில் கண்ணில் படாது. அறிக்கையைப் பல்கலைக்கழகம் பெற்ற நாளா, ஆய்வாளர் பெற்ற நாளா? பல்கலைக்கழகத்திற்கு வந்த அறிக்கை 20 நாள் கழித்து ஆய்வாளர் கைக்கு வருமாயின், முதற்பொருளில் அவருக்கு எஞ்சுவன 10 நாள்களே. இரண்டாம் பொருளில் 30 நாள்களும் உண்டு. இங்கே முற்றுவினையைக் காட்டிலும் எச்சவினையே மிகுந்த ஐயத்தை விளைவிக்கிறது.

இரண்டாம் தொடரைத் ‘திருத்தங்களைச் சரிபார்த்த பின்னர் நாளை அறிவிக்க வேண்டும்’ என மாற்றினால் புதிய பிழையொன்று நுழையும். சரிபார்ப்பவரும் அறிவிப்பவரும் ஒருவரே என்னும் பொருள் அதில் மேலோங்கும். நெறிமுறையை வகுத்தோர் அதனைக் கருதியிராமல் இருக்கலாம். எனவே மூன்று இடங்களிலும் ‘யார்?’ என்று ஓரக்குறிப்பிட்டு, வகுத்தோரிடம் விடை பெற்ற பின்னரே மாற்ற வேண்டும். விடை கிடைத்ததாகக் கொண்டால் பத்தி இவ்வாறு அமையும்:

“தேர்வாளர் அறிக்கையைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். ஆய்வாளர் அதனைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள்களுக்குள் ஆய்வேட்டைத் திருத்தி ஒப்படைக்க வேண்டும். நெறியாளர் திருத்தங்களைச் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். அச்சான்று கிடைத்த பின்னர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வாய்மொழித் தேர்வுக்கான நாளை அறிவிக்க வேண்டும்.”

ஆய்வாளருக்கு மட்டும் காலவரம்பு உண்டு, ஏனையோர்க்கு இல்லை என்பது இவ்வடிவில் தெரியவருகிறது. மூல வடிவிலும் அக்குறை இருந்தது; செய்பவர் மறைந்திருந்தமையால் அதுவும் மறைந்திருந்தது. காலவரம்பைத் திருத்துநர் தாமே சேர்த்தல் ஆகாது. வகுத்தோர் கவனத்திற்குக் கொண்டுசெல்லலாம்.

வினைமுதல் போலத் தோன்றுவன

‘விண்ணப்பங்கள் துறை வழியாக அனுப்பப்பட வேண்டும்’ என்னும் தொடர் செய்பவரைக் கூறுவது போலத் தோன்றும். ‘வழியாக’ என்பது விண்ணப்பம் செல்லும் தடத்தையே காட்டுகிறது. விண்ணப்பதாரர் துறையில் கொடுத்தால் போதுமா, துறைத்தலைவர் மேலனுப்பும் வரை அவரே பொறுப்பா என்பது தெளிவாகவில்லை. ‘மூலம்’, ‘சார்பில்’, ‘அளவில்’ ஆகியனவும் இத்தகையனவே. மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபு வினைமுதலை உணர்த்தும். ‘நெறியாளரால் சரிபார்க்கப்பட வேண்டும்’ என்பதில் கடமைக்குரியவர் தெளிவு. பத்தி முழுவதும் ஆய்வேட்டைப் பற்றியதாக இருந்தால், ஆய்வேட்டை எழுவாயாக நிறுத்தும் இவ்வடிவைச் செய்வினையாக்க வேண்டியதில்லை.

மாற்ற வேண்டாத இடங்கள்

செய்பவர் எவராயினும் கடமை ஒன்றே எனில் மாற்றம் வேண்டுவதில்லை. ‘சுவடிகள் நூலகத்திற்கு வெளியே எடுத்துச்செல்லப்படக் கூடாது’ என்னும் விலக்கு அனைவரையும் கட்டுப்படுத்தும். அங்கே ஒருவரைப் பெயர் சுட்டினால் ஏனையோர்க்கு விலக்கில்லை என்னும் பொருள் தோன்றும். ‘விண்ணப்பதாரர் செய்ய வேண்டுவன’ என்னும் தலைப்பின்கீழ் வரும் தொடர்களுக்குத் தலைப்பே வினைமுதலைத் தந்துவிடுகிறது. ஆயினும் அலுவலகத்தின் பணி ஒன்று அப்பட்டியலில் கலந்திருந்தால் அதனைப் பிரித்தெழுதச் சொல்ல வேண்டும். ‘இவ்விதிகள் … என அழைக்கப்படும்’ போன்றவை எவர்மீதும் கடமை சுமத்துவதில்லை. ஆதலால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. நடைமுறையில் உள்ள சட்டத்தையோ ஆணையையோ மேற்கோளாக எடுத்தாளும்போது, தொடர் எத்துணை மங்கலாயினும் எழுத்து மாறாமல் தருவதே முறை.

முடிவுரை

கடப்பாட்டுத் தொடரில் வினைமுதல் மறைவதற்குச் செயப்பாட்டுவினை ஒரு காரணம். ‘வேண்டும்’ என்பதன் விகுதியற்ற வடிவமும் எழுவாய் தோன்றாமல் நிற்கும் மரபும் பிற காரணங்கள். ஒரு தொடரின் கடமை நிறைவேறாதபோது விளக்கம் கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதற்கு அத்தொடரிலோ சூழலிலோ ஒரே விடை இருந்தால் அதனை விட்டுவிடலாம். இரு விடைகள் இருந்தாலோ விடையே இல்லாவிட்டாலோ மாற்றியமைக்க வேண்டும். அவ்விடையைத் தருபவர் ஆவணத்தை வகுத்தவரே. மெய்ப்புத் திருத்துநர் ஊகித்து இடும் பெயர், ஒருவர்மீது இல்லாத கடமையைச் சுமத்திவிடும்.